மாதிரி விடையைக் கடைசியில் பாருங்கள்: சொந்த விடையைத் திருத்தும் முறை

பழைய வினாத்தாள் ஒன்றை எடுத்து, நேரம் வைத்து விடை எழுதி முடித்தாயிற்று. அடுத்து என்ன செய்வோம்? மாதிரி விடையைத் திறந்து நம்முடையதற்குப் பக்கத்தில் வைப்போம். இரண்டையும் ஒருமுறை படிப்போம். “கிட்டத்தட்ட இதைத்தானே நானும் எழுதியிருக்கிறேன்” என்று 5-க்கு 4 போட்டுக்கொள்வோம். அதே விடையைப் பயிற்சி பெற்ற தேர்வாளர் ஒருவர் திருத்தினால் 2 போடக்கூடும். அந்த இரண்டு மதிப்பெண் எங்கே போனது என்பதுதான் இந்தக் கட்டுரை.

முதலில் ஒரு குழப்பத்தைத் தீர்த்துவிடலாம். தேர்வு வாரியங்கள் வெளியிடும் தாள்களில் இரண்டு வகை உண்டு. மாதிரி விடை என்பது முழு மதிப்பெண் பெறக்கூடிய ஒரு விடை. ஒரே ஒரு விடை. அதே மதிப்பெண்ணை வேறு பத்து விதமாக எழுதியும் வாங்கலாம். மதிப்பெண் திட்டம் என்பது எந்தக் கருத்துக்கு ஒரு மதிப்பெண், எந்தச் சொல் இருந்தே ஆக வேண்டும், எதை ஏற்கலாம், எதை ஏற்கக் கூடாது என்று திருத்துபவருக்குச் சொல்லும் தாள். திருத்துபவர் மதிப்பெண் போடுவது இந்த இரண்டாவது தாளைப் பார்த்து. சிபிஎஸ்இ தன் மாதிரி வினாத்தாள்களோடு இதை வெளியிடுகிறது. கேம்பிரிட்ஜ் தேர்வுகளுக்கும், அமெரிக்காவின் காலேஜ் போர்டு நடத்தும் ஏபி தேர்வுகளுக்கும் பழைய ஆண்டுகளின் மதிப்பெண் திட்டங்கள் இணையத்திலேயே கிடைக்கின்றன.

சிலருக்கு மதிப்பெண் திட்டம் பார்க்கவே பிடிக்காது. துண்டு துண்டாக, வறட்சியாக இருக்கும். மாதிரி விடை படிக்கச் சுகமாக இருப்பதால் அதையே வைத்துத் திருத்திவிடுவார்கள். அங்கேதான் சிக்கல். நல்ல விடையை முழுசாகப் படித்த பிறகு நம் விடையைப் படித்தால், நாம் எழுதாமல் விட்டதையும் மனசு தானாக நிரப்பிக்கொள்ளும். “சவ்வு வழியாக” என்று எழுதியிருப்போம். மாதிரி விடையில் “அரைகடத்து சவ்வு வழியாக” என்று இருக்கும். அந்த ‘அரைகடத்து’ நமக்குத் தெரிந்த சொல்தான் என்பதால், அதை எழுதாமல் விட்டதே கண்ணில் படாது.

ஆகவே என் முறையில் வரிசை மாறும். வினா, மதிப்பெண் திட்டம், நம் விடை, கடைசியாகத்தான் மாதிரி விடை. முடிந்தால் எழுதியதற்கும் திருத்துவதற்கும் நடுவே ஒரு நாளாவது இடைவெளி விடுங்கள். என்ன சொல்ல நினைத்தோம் என்பது கொஞ்சம் மறந்தால்தான், என்ன எழுதியிருக்கிறோம் என்பது தெரியும்.

ஒரு வினாவை எடுத்துச் செய்து பார்ப்போம். வினாவும் திட்டமும் விளக்கத்துக்காக நானே அமைத்தவை. ஆனால் அமைப்பு, குறியீடுகள் எல்லாம் உண்மையான அறிவியல் தாள்களில் இருப்பவைதான்.

வினா: உருளைக்கிழங்குத் துண்டு ஒன்றைச் செறிவான உப்புக் கரைசலில் அரை மணி நேரம் வைத்தார்கள். எடுத்தபோது அதன் எடை குறைந்து, துண்டு துவண்டிருந்தது. இதற்கான காரணத்தை விளக்குக. (5 மதிப்பெண்)

மதிப்பெண் திட்டம் இப்படி இருக்கும்:

எவையேனும் ஐந்து:
1. செல்லிலிருந்து நீர் வெளியேறுகிறது; நிராகரி: உப்பு வெளியேறுகிறது / கரைசல் வெளியேறுகிறது
2. சவ்வூடு பரவல் மூலம்;
3. நீரியல் திறன் அதிகமான இடத்திலிருந்து குறைவான இடத்துக்கு; ஏற்க: நீர் மூலக்கூறுகளின் செறிவு அதிகமான இடத்திலிருந்து குறைவான இடத்துக்கு. நிராகரி: எதன் செறிவு என்று சொல்லாத ‘செறிவு’
4. **அரைகடத்து** சவ்வு வழியாக; கணக்கில் எடுக்காதே: செல் சுவர்
5. செல்கள் விறைப்பை இழக்கின்றன / செல்லின் விறைப்பழுத்தம் குறைகிறது;
6. வாக்குவோல் சுருங்குகிறது / செல் சவ்வு செல் சுவரிலிருந்து விலகுகிறது;

இதை எப்படிப் படிப்பது? அரைப்புள்ளி ஒரு கருத்து அங்கே முடிகிறது என்று காட்டும். சாய்கோடு இருந்தால் இதுவோ அதுவோ, ஏதாவது ஒன்று போதும். இரண்டையும் எழுதினாலும் ஒரே மதிப்பெண்தான். தடித்த எழுத்திலோ அடிக்கோடிட்டோ இருக்கும் சொல் விடையில் இருந்தே ஆக வேண்டும். அடைப்புக்குறிக்குள் ஏதாவது இருந்தால் அது எழுதாவிட்டாலும் பரவாயில்லை. ‘நிராகரி’ என்றால் அப்படி எழுதியிருந்தால் அந்தக் கருத்துக்கு மதிப்பெண் கிடையாது. ‘கணக்கில் எடுக்காதே’ என்றால் அது பாதகமும் இல்லை, சாதகமும் இல்லை. இல்லாதது போலவே நினைத்துக்கொண்டு அடுத்ததைப் பார்க்க வேண்டும். இந்த இரண்டையும் ஒன்று என்று நினைத்துக் குழப்பிக்கொள்பவர்கள் நிறைய. குறியீடுகள் வாரியத்துக்கு வாரியம் கொஞ்சம் மாறும். திட்டத்தின் முதல் பக்கங்களில் விளக்கம் இருக்கும். எல்லோரும் தாண்டிப் போகும் பக்கங்கள் அவை.

இப்போது ஒரு மாணவரின் விடை:

“உப்புக் கரைசலின் செறிவு அதிகம். செறிவு அதிகமான இடத்திலிருந்து குறைவான இடத்துக்குப் பரவல் நடக்கும். அதனால் கிழங்கின் செல்களில் இருந்த நீர் சவ்வு வழியாக வெளியே வந்துவிடுகிறது. நீர் போனதால் எடை குறைந்தது, துண்டும் துவண்டது. இதற்குச் சவ்வூடு பரவல் என்று பெயர்.”

மேலோட்டமாகப் படித்தால் நல்ல விடைதான். நீர், சவ்வு, செறிவு, சவ்வூடு பரவல், எடை, துவள்வது என்று எல்லாம் இருக்கிறது. எழுதியவரே திருத்தினால் 4 போடுவார், தாராள மனசு இருந்தால் 5.

திருத்தும் முறை இதுதான்: திட்டத்தின் ஒவ்வொரு கருத்துக்கும், விடையில் அதைச் சொல்லும் சொற்களைத் தேடிப் பிடித்து, அந்தச் சொற்களின் மேலேயே டிக் போட வேண்டும். பக்கத்தில் கருத்தின் எண்ணை எழுத வேண்டும். விடையின் ஓரத்தில் பொதுவாக நாலு டிக் போடுவது செல்லாது. டிக் வைக்க இடம் கிடைக்கவில்லை என்றால் மதிப்பெண் இல்லை.

கருத்து 1. “நீர் ... வெளியே வந்துவிடுகிறது”. செல்லிலிருந்து என்பதும் இருக்கிறது. டிக்.

கருத்து 2. கடைசி வரியில் “சவ்வூடு பரவல்”. வெறும் பெயரைக் கடைசியில் ஒட்டவைத்தது போல இருந்தாலும், திட்டம் கேட்பது அந்தச் சொல்லைத்தான். டிக்.

கருத்து 3. இங்கே கொஞ்சம் நிற்க வேண்டும். “செறிவு அதிகமான இடத்திலிருந்து குறைவான இடத்துக்கு”. எதன் செறிவு? விடையின் முதல் வரிப்படி, உப்பின் செறிவு. அப்படியானால் செறிவு அதிகமான இடம் வெளியே இருக்கும் கரைசல். அங்கிருந்து செறிவு குறைந்த இடத்துக்கு என்றால் கிழங்குக்குள் போவது. ஆனால் அடுத்த வரியில் நீர் வெளியே வருகிறது என்கிறார். தன் விடைக்குள்ளேயே திசை முரண்படுகிறது. அவர் நினைத்தது நீர் மூலக்கூறுகளின் செறிவாக இருக்கலாம். நினைத்தது தாளில் இல்லை. திட்டமும் ‘நிராகரி’ என்று வெளிப்படையாகச் சொல்லிவிட்டது. மதிப்பெண் இல்லை.

கருத்து 4. “சவ்வு வழியாக”. அரைகடத்து என்ற சொல் தடித்த எழுத்தில் இருக்கிறது, விடையில் அது இல்லை. இல்லை.

கருத்து 5. “துண்டும் துவண்டது”. இது வினாவிலேயே கொடுக்கப்பட்ட தகவல். அதைத் திருப்பிச் சொன்னதற்கு மதிப்பெண் கிடையாது. வினா கேட்பது ஏன் துவண்டது என்பதை. செல்கள் விறைப்பை இழந்தன என்பதுதான் விடை. இல்லை.

கருத்து 6. அதைப் பற்றிப் பேச்சே இல்லை.

ஆக, 5-க்கு 2.

இந்த விடையை எழுதியவருக்குப் பாடம் தெரியாது என்று சொல்ல முடியாது. தெரிந்த ஒருவர் படித்தால் தெரிந்தது போலத் தோன்றும்படி எழுதியிருக்கிறார். அதனால்தான் நாமே திருத்தும்போது ஏமாந்துபோகிறோம். வெளியாள் திருத்தும்போது, கருத்து அரைகுறையாக இருந்தால் ‘சந்தேகத்தின் பலன்’ கொடுக்கும் வழக்கம் உண்டு. எழுதியவர் என்ன நினைத்தார் என்று கேட்க வழியில்லாத ஒருவருக்கான சலுகை அது. நமக்கோ என்ன நினைத்தோம் என்பது எப்போதும் தெரியும். ஆகவே சந்தேகத்தின் பலனை நமக்கு நாமே கொடுக்கத் தொடங்கினால் எல்லா இடத்திலும் கொடுத்துக்கொண்டே போவோம். இழுபறியாக இருக்கும் இடத்தில் டிக் போடாமல் கேள்விக்குறி போடுங்கள். கடைசியில் டிக்குகளைத் தனியாகவும் கேள்விக்குறிகளைத் தனியாகவும் எண்ணுங்கள். மூன்று டிக், ஒரு கேள்விக்குறி என்றால் உங்கள் மதிப்பெண் “3, ஒருவேளை 4”. கறாரான ஒற்றை எண்ணைவிட அது நேர்மையானது.

சரி, இப்போது மாதிரி விடையைத் திறக்கலாம்:

“வெளியே உள்ள உப்புக் கரைசலின் நீரியல் திறன், கிழங்குச் செல்களின் உள்ளே இருப்பதைவிடக் குறைவு. ஆகவே நீர் சவ்வூடு பரவல் மூலம், அரைகடத்து சவ்வான செல் சவ்வு வழியாக, நீரியல் திறன் அதிகமான செல்லிலிருந்து குறைவான கரைசலுக்கு வெளியேறுகிறது. வாக்குவோல்கள் சுருங்கி, செல்கள் விறைப்பை இழக்கின்றன. அதனால் துண்டு துவள்கிறது. நீர் போனதால் எடை குறைகிறது.”

இதில் ஆறு கருத்துகளும் இருக்கின்றன. கேட்டது ஐந்து. மாதிரி விடைகள் பல நேரம் இப்படித் தேவைக்கு மேலேயே எழுதப்பட்டிருக்கும். ஆகவே “அதில் இருக்கிறது, என்னிடம் இல்லை, மதிப்பெண் போச்சு” என்று கணக்குப் போடக் கூடாது. இன்னொருவர் நீரியல் திறன் என்ற சொல்லையே தொடாமல், “நீர் மூலக்கூறுகளின் செறிவு செல்லுக்குள் அதிகம், வெளியே குறைவு” என்று எழுதி, வாக்குவோலையும் விட்டுவிட்டு, மற்றவற்றைச் சரியாகச் சொல்லியிருந்தால் அவருக்கு முழுசாக 5. மாதிரி விடையோடு ஒப்பிட்டால் அவருடைய விடை குறைவுபட்டது போலத் தோன்றும். திட்டத்தின்படி அதில் ஒரு குறையும் இல்லை.

அப்படியானால் மாதிரி விடை எதற்கு? கருத்துகளை எந்த வரிசையில் கோத்திருக்கிறார்கள் என்று பார்க்க. மேலே உள்ளதில் நீர் ஏன் நகர்கிறது என்பது முதலில் வருகிறது, எப்படி நகர்கிறது என்பது அடுத்து, அதனால் செல்லுக்கு என்ன ஆகிறது, பிறகு துண்டுக்கு என்ன ஆகிறது. மாணவரின் விடையில் சவ்வூடு பரவல் கடைசியில் வந்து தொங்குவதும், செறிவு எதனுடையது என்று சொல்லாமல் விட்டதும் இதோடு வைத்துப் பார்த்தால் பளிச்சென்று தெரியும். எழுதும் முறையைக் கற்றுக்கொள்ள மாதிரி விடை, எண் போட மதிப்பெண் திட்டம். இரண்டின் வேலையையும் மாற்றிக் கொடுத்தால் இரண்டுமே கெட்டுப்போகும்.

கணக்கு வரும் வினாக்களில் தவறு எதிர்த்திசையில் நடக்கும். அங்கே நாம் நமக்குத் தேவையில்லாமல் கொடுமை செய்துகொள்வோம். அதே சோதனையில் துண்டின் தொடக்க எடை 2.50 கிராம், கடைசி எடை 2.10 கிராம். எடை இழப்புச் சதவீதத்தைக் கேட்கிறார்கள், 2 மதிப்பெண். சரியான கணக்கு: 0.40-ஐ 2.50-ஆல் வகுத்து 100-ஆல் பெருக்கினால் 16 சதவீதம். ஒருவர் கழித்தலில் தடுமாறி 0.50 என்று எழுதி, அதை 2.50-ஆல் வகுத்து 20 சதவீதம் என்று முடிக்கிறார். கடைசி எண் தவறு என்று பார்த்ததும் பெரும்பாலானோர் பூச்சியம் போட்டுவிடுவார்கள். திட்டத்தில் முதல் மதிப்பெண் வழிமுறைக்கு, இரண்டாவது விடைக்கு என்று பிரித்திருந்தால், தொடக்க எடையால் வகுக்கும் வழிமுறை சரி. அவருக்கு 1 உண்டு. இன்னொருவர் 0.40-ஐக் கடைசி எடையான 2.10-ஆல் வகுத்து 19 என்கிறார். அவருடைய கழித்தல் சரி, வழிமுறை தவறு. இவருக்கு அந்த 1 கிடையாது. இரண்டு விடையும் தவறுதான், மதிப்பெண் வேறு. கணிதத் தாள்களின் திட்டங்களில் வழிமுறைக்கு `M`, விடைக்கு `A` என்று குறித்திருப்பதைப் பார்க்கலாம்.

அடுத்த வினா, “இதே விகிதத்தில் 4.00 கிராம் துண்டு எவ்வளவு எடையை இழக்கும்?” என்று வந்தால்? 20 சதவீதம் என்று எழுதியவர் 0.80 கிராம் என்பார். உண்மையான விடை 0.64. ஆனால் முந்தைய தவறு தொடர்ந்து வந்ததுதான், இந்தப் படியில் அவர் செய்தது சரி. திட்டத்தில் `ecf` என்ற குறியோ “முன் பிழையைத் தொடர அனுமதி” என்ற மாதிரிக் குறிப்போ இருந்தால் இந்த வினாவுக்கு முழு மதிப்பெண். ஒரே பிழைக்கு இரண்டு முறை தண்டனை வேண்டாம் என்பது இதன் அடிப்படை. ஆனால் அதற்கு அவர் படிகளை எழுதிக் காட்டியிருக்க வேண்டும். வெறும் 0.80 என்று மட்டும் எழுதியிருந்தால் திருத்துபவருக்கு அது எங்கிருந்து வந்தது என்று தேட வேலை வைக்கும்.

இங்கேயே இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன். “ஒரு காரணம் தருக” என்று கேட்டால், பாதுகாப்புக்காக இரண்டு காரணம் எழுதும் பழக்கம் பலருக்கு உண்டு. ஒன்று சரி, இன்னொன்று தவறு என்றால், பல வாரியங்களின் விதிப்படி சரியானதும் அடிபட்டுப் போகும். திருத்தும்போது நம் கண் சரியானதை மட்டும் பார்த்து டிக் போட்டுவிடும். பக்கத்தில் இருப்பதையும் படியுங்கள்.

இதுவரை பார்த்ததெல்லாம் கருத்துக்கு ஒரு மதிப்பெண் வகை. நீளமான விடைகளுக்கு வேறு வகை இருக்கிறது: நிலைகளாகப் பிரித்த அளவுகோல். ரூப்ரிக் என்று பலர் சொல்வது பெரும்பாலும் இதைத்தான். இதில் டிக்குகளை எண்ணினால் தவறான எண்தான் வரும்.

அதே கிழங்குச் சோதனைக்கு ஒரு வினா: “இந்தச் சோதனையின் முடிவை எவ்வளவு தூரம் நம்பலாம்? மதிப்பிடுக.” (6 மதிப்பெண்). அளவுகோல் சுருக்கமாக இப்படி வைத்துக்கொள்வோம். முதல் நிலை, 1 முதல் 2: தொடர்பில்லாத ஓரிரு கருத்துகள். இரண்டாம் நிலை, 3 முதல் 4: பொருத்தமான குறைகள் அல்லது நிறைகள், சிலவற்றுக்குக் காரணம். மூன்றாம் நிலை, 5 முதல் 6: குறை நிறை இரண்டையும் காரணத்தோடு அலசி, அதிலிருந்து ஒரு முடிவுக்கு வருதல்.

விடை: “ஒரே ஒரு துண்டைத்தான் பயன்படுத்தினார்கள். வெப்பநிலையைக் கட்டுப்படுத்தவில்லை. துண்டை எடை போடும் முன் ஒற்றித் துடைக்கவில்லை; மேலே ஒட்டியிருக்கும் கரைசலின் எடையும் சேர்வதால் எடை இழப்பு குறைவாகத் தெரியும். கரைசலின் செறிவு ஒன்றே ஒன்றுதான். நேரம் குறைவு.”

ஐந்து கருத்துகள் இருக்கின்றன. எண்ணிப் பார்ப்பவர் 5 போடுவார். ஆனால் அளவுகோல் எத்தனை என்று கேட்கவில்லை, எப்படி என்று கேட்கிறது. அடியிலிருந்து படிப்படியாக ஏறிப் பார்ப்போம். முதல் நிலையைத் தாண்டிவிட்டதா? ஆம், கருத்துகள் பொருத்தமானவை. இரண்டாம் நிலை கேட்பது இருக்கிறதா? குறைகள் இருக்கின்றன, துடைக்காததற்கு மட்டும் நல்ல காரணம் சொல்லியிருக்கிறார். ஒரு துண்டு போதாது என்றால் ஏன் என்று சொல்லவில்லை. துண்டுக்குத் துண்டு வேறுபாடு இருக்கும், ஒன்றை வைத்து அது தற்செயலா என்று சொல்ல முடியாது என்று ஒரு வரி சேர்த்திருக்கலாம். மூன்றாம் நிலை? நிறை ஒன்றும் சொல்லவில்லை, முடிவும் இல்லை. ஆகவே இரண்டாம் நிலைதான். அதற்குள் 3-ஆ 4-ஆ? காரணம் ஒன்றுக்கு மட்டுமே இருப்பதால் 3.

இந்த வரிசை முக்கியம்: முதலில் நிலை, பிறகுதான் அதற்குள் எண். எண்ணை மனசில் வைத்துக்கொண்டு அதற்கேற்ற நிலையைத் தேடினால் கிடைத்துவிடும், நாம் அவ்வளவு கெட்டிக்காரர்கள். இன்னொன்று, நிலைகளுக்கு இடையே இருக்கும் வேறுபாடு பெரும்பாலும் ஒரு சொல்லில் அடங்கியிருக்கும்: ‘சில’, ‘பெரும்பாலும்’, ‘காரணத்தோடு’, ‘முடிவுக்கு வந்து’. பக்கத்துப் பக்கத்து நிலைகளை எடுத்து, மாறியிருக்கும் சொல்லை மட்டும் அடிக்கோடிடுங்கள். அப்புறம் விடையில் அந்தச் சொல்லுக்குச் சாட்சியாக எந்த வாக்கியம் இருக்கிறது என்று கேளுங்கள். வாக்கியத்தைக் காட்ட முடியாவிட்டால் கீழ் நிலைதான்.

ஆனாலும் ‘நன்றாக’, ‘தெளிவாக’ என்ற சொற்களுக்கு எவ்வளவு நன்றாக என்று அளவுகோல் சொல்லாது. தேர்வாளர்களுக்கும் இதே தொல்லை இருக்கிறது. அதனால்தான் திருத்தத் தொடங்கும் முன் அவர்கள் எல்லோருக்கும் ஒரே விடைகளைக் கொடுத்துத் திருத்தவைத்து, மதிப்பெண் ஒத்துப்போகிறதா என்று பார்க்கும் வழக்கம் இருக்கிறது. நீங்களும் அதைச் செய்யலாம். ஏபி தேர்வுகளுக்கு உண்மையான மாணவர் விடைகளையும், அவற்றுக்குக் கொடுத்த மதிப்பெண்ணையும், ஏன் கொடுத்தோம் என்ற குறிப்பையும் வெளியிடுகிறார்கள். கேம்பிரிட்ஜும் இப்படி மாணவர் விடைகளைத் தேர்வாளர் குறிப்போடு வெளியிட்டிருக்கிறது. உங்கள் தேர்வுக்கு அப்படிக் கிடைத்தால் மதிப்பெண்ணை மறைத்துக்கொண்டு முதலில் நீங்கள் திருத்துங்கள், பிறகு திறந்து பாருங்கள். நாலைந்து விடைகளிலேயே உங்கள் சாய்வு தெரிந்துவிடும். தொடர்ந்து ஒரு மதிப்பெண் கூடவே போடுகிறீர்கள் என்றால், எந்த இடத்தில் கூடுகிறது என்று பாருங்கள். பெரும்பாலும் அது காரணம் சொல்லாத கருத்துக்குக் கொடுத்த மதிப்பெண்ணாக இருக்கும். ஊர் பேர் தெரியாதவர் விடையில் கைகூடிய கறார்தன்மையை அதன் பிறகு நம் விடைக்குக் கொண்டுவருவது சுலபம்.

திட்டத்தில் இல்லாத, ஆனால் சரியான ஒரு கருத்தை எழுதியிருந்தால் என்ன செய்வது? பல திட்டங்களில் “ஏற்கத்தக்க வேறு கருத்து” என்று ஒரு வரி இருக்கும். தேர்வாளருக்கு இதில் சந்தேகம் வந்தால் மேலே கேட்டுக்கொள்ளலாம். நம்மால் முடியாது. கேள்விக்குறி போட்டு வைத்துவிட்டு, ஆசிரியரிடமோ பாடம் தெரிந்த ஒருவரிடமோ அந்த ஒரு வரியை மட்டும் காட்டினால் போதும். விடைத்தாள் முழுவதையும் நீட்டி “பார்த்துச் சொல்லுங்கள்” என்பதைவிட, “இந்த வாக்கியம் மூன்றாவது கருத்துக்குச் செல்லுமா?” என்று கேட்டால் உடனே பதில் கிடைக்கும்.

மதிப்பெண் போட்டாயிற்று என்றால், போன ஒவ்வொரு மதிப்பெண்ணுக்கும் பக்கத்தில் ஏன் போனது என்று ஒரு சொல் எழுதுங்கள். தெரியவில்லை, தெரியும் ஆனால் எழுதவில்லை, வினாவைச் சரியாகப் படிக்கவில்லை என்று மூன்று வகை போதும். நம் கிழங்கு விடையில் மூன்றாவது, நான்காவது கருத்துகள் ‘எழுதவில்லை’ வகை. ஐந்தாவது, துவண்டது என்று கொடுத்ததையே திருப்பிச் சொன்னது, ‘வினாவைப் படிக்கவில்லை’ வகை. ஆறாவது அவருக்கு உண்மையிலேயே தெரியாமல் இருக்கலாம். பாடப்புத்தகத்தைத் திரும்பத் திறக்க வேண்டியது அந்த ஒன்றுக்கு மட்டும்தான். மற்றவற்றுக்கு அத்தியாயத்தை மறுபடி படித்துப் பயன் இல்லை, எழுதும்போது “எதன் செறிவு?”, “எந்தச் சவ்வு?” என்று கேட்டுக்கொள்ளும் பழக்கம்தான் வேண்டும்.

பிறகு விடை முழுவதையும் மறுபடி எழுத வேண்டாம். போன கருத்துகளுக்கான வாக்கியங்களை மட்டும், மாதிரி விடையை மூடிவைத்துவிட்டு, சொந்த நடையில் எழுதுங்கள். இங்கே அது இரண்டு வாக்கியம்: “செல்லுக்குள் நீர் மூலக்கூறுகளின் செறிவு அதிகம், வெளியே குறைவு, ஆகவே நீர் அரைகடத்து சவ்வு வழியாக வெளியேறுகிறது. நீரை இழந்த செல்கள் விறைப்பை இழப்பதால் துண்டு துவள்கிறது.” இதை எடுத்துத் திட்டத்தோடு மறுபடி ஒருமுறை டிக் போட்டுப் பாருங்கள். மூன்று, நான்கு, ஐந்து என்று மூன்றுக்கும் டிக் வைக்க இடம் இருக்கிறது. அதே வினாவை ஒரு வாரம் கழித்து வெற்றுத்தாளில் எழுதும்போது அந்த மூன்றும் தானாக வருகிறதா என்று பார்த்தால் போதும்.